சிம்பாங்கில் போட்ட ‘சம்பாய்’

எங்கள் விடுதியின் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்களில் பாதிப் பேருக்குக் கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் வேலை செய்யாது என்று நான் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தேன். யார் எதைப் போட்டாலும் ஒரு கட்டைவிரல் படம். நாளைக்குத் தண்ணீர் வராது என்றாலும் கட்டைவிரல். ஒருத்தியின் மாமா இறந்துவிட்டார் என்றாலும் கட்டைவிரல். மாமா செத்ததற்கு இவள்களுடைய சம்மதம் எதற்கு? கேட்டால், “படிச்சிட்டேன்னு அர்த்தம் லா” என்பாள்கள். படித்த லட்சணத்தைத்தான் பிறகு பார்த்தேனே.

விடுதி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஈப்போவில் ஒரு தனியார் தாதியர் கல்லூரி வாடகைக்கு எடுத்திருந்த மூன்று தொடர்வீடுகள். நடுச்சுவரில் கதவு வைத்து மூன்றையும் ஒன்றாக்கியிருந்தார்கள். எங்கள் வார்டன், அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள். யாழ்ப்பாணத்து வழி வந்தவர். நாங்கள் அவரை மேடம் என்போம், அவர் எங்களைப் பிள்ளை என்பார். ஒரு முறை இருட்டிய பிறகு பஸ்ஸுக்கு நின்ற ஒரு மாணவியின் கைப்பையை, மோட்டாரில் வந்த இருவர் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவள் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு திரும்பி வந்தாள். அதற்குப் பிறகுதான் மேடம் அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தார்.

ஒழுங்கு நல்ல ஒழுங்குதான். வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன், ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன். இருட்டிய பிறகு ஊருக்குப் போகிறவள் கிளம்பும்போதே குழுவில் எழுத வேண்டும்: எங்கே போகிறாள், எந்த வண்டி, வண்டி எண் என்ன, இறங்குமிடத்தில் கூட்டிப்போக வருவது யார், எத்தனை மணிக்குச் சேருவாள். சேர்ந்ததும் ‘சம்பாய்’ என்று ஒரு சொல் போட வேண்டும். மலாயில் வந்துசேர்ந்தேன் என்று அர்த்தம். குழுவில் மலாய்ப் பெண்களும் சீனப் பெண்களும் இருந்ததால் எல்லாருக்கும் அந்த ஒரே சொல். சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி நேரம் ஆகியும் அது வரவில்லையென்றால், அந்த வாரப் பொறுப்பிலிருக்கும் மூத்த மாணவி அவளைக் கூப்பிட வேண்டும். அவள் எடுக்காவிட்டால் வீட்டைக் கூப்பிட வேண்டும். வீட்டிலும் இல்லையென்றால் மேடத்தை எழுப்ப வேண்டும், மேடம் போலீசுக்குச் சொல்வார். எங்களுக்கு வார்டு டூட்டி முடியும்போதே இருட்டிவிடும் என்பதால் ஊருக்குப் போவதெல்லாம் இரவில்தான். அதனால் வேண்டிய ஒழுங்குதான் அது.

அதைக் கெடுத்தது பாராட்டு. மறுநாள் காலையில் மேடம் குழுவில் பூப்படம் போட்டு, “நேற்றுப் பயணம் செய்த எல்லாப் பிள்ளைகளும் நேரத்துக்குச் சம்பாய் போட்டுவிட்டார்கள். பெருமையாக இருக்கிறது” என்று எழுத ஆரம்பித்தார். அவ்வளவுதான். யார் முதலில் போடுவது என்று போட்டி வந்துவிட்டது. தைப்பிங் போகிறவள் ஒருத்தி பஸ்ஸில் தூங்க வேண்டுமென்று பாதி வழியிலேயே ‘சம்பாய்’ போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். இன்னொருத்தி காதலனோடு மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டதாகப் போடுவாள். இரண்டுக்கும் உடனே கட்டைவிரல்கள் வந்து குவியும். மேடம் இதைக் கல்லூரி முதல்வரிடம் சொல்லி, முதல்வர் ஒரு கூட்டத்தில் மற்றவர்களை எங்கள் விடுதியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னாராம். கற்றுக்கொள்ள வேண்டியதுதான், எதை என்றுதான் தெரியவில்லை.

என் அறைத்தோழி பொய் சொல்கிறவள் இல்லை. அவள் வீடு சுங்கை சிப்புட்டைத் தாண்டி, பெரிய சாலையிலிருந்து உள்ளே வெகுதூரம் போக வேண்டிய ஒரு தோட்டத்தில் இருந்தது. ரப்பர் மரங்களை வெட்டிப் பல வருஷமாகிறது, இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனை. மாற்று வீடு தருகிறோம் என்று சொன்ன நிர்வாகம் சொன்னதோடு சரி. அதனால் இன்னும் சில குடும்பங்கள் பழைய லயத்து வரிசை வீடுகளிலேயே இருந்தன, அதில் ஒன்று இவளுடையது. அப்பா லோரி ஓட்டி நாடு பூராவும் சுற்றுகிறவர். வீட்டில் அம்மாவும் அண்ணனும்தான்.

நான் கோப்பெங் டவுன்காரி. எங்கள் வீட்டுக் கக்கூசில்கூடக் கைப்பேசிக்கு லைன் கிடைக்கும். முதல் தடவை அவளோடு அவள் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போனபோதுதான் லைன் இல்லாமல் ஆட்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தேன். பெரிய சாலையில், தோட்டத்துக்குப் பாதை பிரியும் சிம்பாங்கில், அதாவது சந்தியில், பஸ்ஸை விட்டு இறங்கினோம். அங்கே ஒரு சீனர் மளிகைக் கடை. அவள் அண்ணன் மோட்டாரோடு காத்திருந்தான். இவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் கைப்பேசியை எடுத்தாள், ‘சம்பாய்’ என்று போட்டாள்.

“என்னாடி, இன்னும் வீடே வரல?” என்றேன்.

“இங்க விட்டா அப்புறம் எங்கடி லைன்? உள்ள போனா ஒன்னும் போகாது. எங்க தோட்டத்துல எல்லாரும் இங்கதான் போடுவோம்” என்றாள். என் கண் முன்னாலேயே மார்க்கெட்டில் வேலை செய்யும் ஒரு அக்காளும் கடை வாசலில் நின்று வெளியூரில் இருக்கும் புருஷனுக்கு வந்துசேர்ந்துவிட்டதாக அனுப்பிக்கொண்டிருந்தாள். அங்கே அது வழக்கம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு, சிம்பாங்கில் போட்டால் இன்னும் செம்மண் ரோடு பாக்கி இருக்கிறது என்று தெரியும். விடுதியில் இருப்பவர்களுக்குத்தான் தெரியாது.

அந்தச் செம்மண் ரோட்டில் மூன்று பேராக ஒரே மோட்டாரில் போனோம். விளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் செம்பனை, நடுவில் பள்ளம், ஓரத்தில் ஆழமான வாய்க்கால். ஒரு இடத்தில் வாய்க்காலின் மேல் கைப்பிடியில்லாத சிமெண்டுப் பாலம். பஸ்ஸில் விளக்கு, கண்டக்டர், இத்தனை ஆட்கள் என்று வந்த வழிக்கெல்லாம் கணக்கு கேட்கிற இந்த ஒழுங்கு, யாருமில்லாத இந்த வழியில் நாங்கள் ஏறும்போது கணக்கை மூடிவிட்டுப் படுக்கப் போய்விட்டதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லயத்தின் பின்னால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு மேடு இருந்தது. அங்கே ஏறி நின்று கையைத் தூக்கிப் பிடித்தால் சில நேரம் ஒரு கோடு லைன் வரும். வாட்ஸ்அப் போகாது, ஆனால் அதிர்ஷ்டமிருந்தால் அழைப்பு ஒரு தடவை மணி அடிக்கும். திரும்பி வந்ததும் நான் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்: “குழுவுக்கு என்னா வேணும்னாலும் போடு. வீட்டுக்குப் போனதும் தொட்டிக்கிட்ட போயி எனக்கு ஒரு மிஸ்ட் கால் குடு. அது வர வரைக்கும் நா படுக்க மாட்டேன்.” அவள் சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு தடவையும் கொடுத்தாள். சில நாள் வெகுநேரம் கழித்து வரும், ஆனால் வராமல் இருந்ததில்லை.

இதை மாதக் கூட்டத்திலும் எடுத்துச் சொன்னேன். மேடம் எதிரே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மாணவர் தலைவி. தலைவி என்றால் மூன்றாம் வருஷத்து அக்காள் ஒருத்தி, மேடத்துக்குக் குடை பிடித்தே தலைவியானவள். லைன் இல்லாத ஊர்க்காரிகள் வீட்டுக்குப் போகும் முன்பே போடுகிறார்கள், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்றேன். சிம்பாங்கில் இறங்கினால் ‘சிம்பாங்’ என்று போடட்டும், வீட்டுக்குப் போனபின் வேறு வழியில் செய்தி வந்தால்தான் ‘சம்பாய்’ என்று வைப்போம், அப்படி வராவிட்டால் கேட்டுப் பார்ப்பதற்குச் சிம்பாங்கு பக்கத்து ஆள் ஒருவருடைய நம்பரை வாங்கி வைப்போம் என்று விவரமாகச் சொன்னேன். ஏதோ மலையைப் பெயர்க்கச் சொன்ன மாதிரி எல்லாரும் என்னைப் பார்த்தாள்கள்.

“அப்ப லைன் இல்லாத பிள்ளையளுக்கு நான் விடிய விடிய முழிச்சிருக்கோணுமோ?” என்று கேட்டார் மேடம். “ஒரு சொல்லு எண்டா எல்லாருக்கும் ஒரு சொல்லு. இதைக் குழப்பாதையும் பிள்ளை.”

“சும்மா கச்சாவ் பண்ணாத லா” என்று தலைவியும் சேர்ந்துகொண்டாள். “இது வரைக்கும் யாருக்கும் ஒன்னும் ஆவல தானே? எல்லாம் அழகா போய்க்கிட்டு இருக்கு.”

யாருக்காவது ஏதாவது ஆனால்தான் யோசிப்பார்களாம். என்ன அறிவு! பாகான் டத்தோவிலிருந்து வந்த ஒருத்தி மட்டும் மெதுவாக, “அவ சொல்றது சரிதானே மேடம், தென்னந்தோப்பு உள்ளார எங்க பெரியம்மா வீட்டுலயும் லைன் இல்ல” என்றாள். தலைவி முறைத்ததும் அவளும் அடங்கிவிட்டாள். நான் கூட்டம் முடியும் முன்பே எழுந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சண்டைக்காரி என்று பெயர். இருக்கட்டும், அதனால் எனக்கு ஒன்றும் தேய்ந்துபோகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை. நீண்ட விடுமுறை தொடங்குவதால் விடுதியில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பினார்கள். என் அறைத்தோழி டூட்டி முடிந்து, உடைகூட மாற்றாமல், கோலா கங்சார் போகும் பஸ்ஸில் ஏறினாள். ஏறியதும் குழுவில் எல்லாம் ஒழுங்காக எழுதினாள்: பஸ் எண், இறங்குமிடம், அண்ணன் வருகிறான், இன்ன நேரத்துக்கு வீடு. சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே ‘சம்பாய்’ வந்தது. மளமளவென்று கட்டைவிரல்கள். தலைவி தன் பங்குக்கு ஒரு பூங்கொத்து போட்டாள்.

எனக்கு மிஸ்ட் கால் வரவில்லை.

மழையில் தொட்டிக்குப் போக முடியாமல் இருக்கும் என்று முதலில் நினைத்தேன். ஈரத்துணியை மாற்றிக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, மழை விட்டதும் போவாள். நான் குளித்தேன், துணி மடித்தேன், மடித்ததையே திரும்ப மடித்தேன். ஈப்போவில் மழை விட்டுவிட்டது. அவளைக் கூப்பிட்டால், இந்த எண்ணை இப்போது தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு மலாய்க்காரி பொறுமையாகச் சொன்னாள். அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக். ஆனால் அவள் வீட்டில் இருந்தாலும் ஒற்றை டிக்தான், நடுவழியில் கிடந்தாலும் ஒற்றை டிக்தான். அதைப் பார்த்து எதைத் தெரிந்துகொள்வது? அவள் மழையென்று எனக்குக் கால் கொடுக்காமல் படுக்கிறவள் இல்லை.

முதலில் தலைவியிடம் போனேன். அந்த வாரப் பொறுப்பு அவளுடையது. முகத்தில் ஏதோ வெள்ளையாகப் பூசிக்கொண்டு படுத்திருந்தாள்.

“அக்கா, அவ இன்னும் வீட்டுக்குப் போகல.”

“யாரு? அவதான் முதல்லயே சம்பாய் போட்டுட்டாளே.”

“அது சிம்பாங்குல போடுறது, அக்கா. நான் அன்னிக்கே சொன்னேன்ல. எனக்கு மிஸ்ட் கால் வரல.”

“உனக்குக் கால் குடுக்கறது ரூல்ஸ்ல இல்ல” என்றாள் அவள். சத்தியமாக இதே வார்த்தைதான் சொன்னாள். பூச்சு விரிசல் விட்டுவிடும் என்று உதட்டை அதிகம் அசைக்காமல் சொன்னாள். அந்தப் பூச்சை வழித்து எறிந்துவிடலாமா என்று எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு மேடத்தின் கதவைப் போய்த் தட்டினேன்.

மேடம் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கைப்பேசியைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். “இஞ்ச பாரும் பிள்ளை. சம்பாய் எண்டு கிடக்கு. எத்தனை பேர் பாத்து லைக் போட்டிருக்கினம்.”

“லைக் போட்டவங்க யாரும் அவளப் பாக்கல மேடம். போலீஸுக்குச் சொல்லுங்க. இல்ல யாரையாச்சும் உள்ள போய்ப் பாக்கச் சொல்லணும்.”

“வந்து சேந்திட்டன் எண்டு எழுதின பிள்ளையைக் காணேல்லை எண்டு நான் போலீசிட்டச் சொல்லுறதோ? அவங்கள் சிரிப்பாங்கள்.”

“சிரிக்கட்டும் மேடம்!”

“கத்தாதையும். காலமை அவவே கூப்பிடுவா. போய்ப் படும்.” கதவு சாத்திக்கொண்டது. அவர் கெட்டவர் இல்லை. அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் அவருக்கு நிம்மதி வந்துவிட்டது, வந்த நிம்மதியை விட அவருக்கு மனசில்லை. ‘சம்பாய்’ வராமல் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் இந்த வீடே அல்லோலகல்லோலப்பட்டிருக்கும். வந்ததால்தான் எல்லாரும் நிம்மதியாகக் குறட்டை விட்டார்கள்.

நான் மாடிப்படியில் உட்கார்ந்தேன். நானே போலீசைக் கூப்பிடலாம், ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் வழி சொல்லக்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. அப்போதுதான் சிம்பாங்குக் கடை ஞாபகம் வந்தது. கூரியர் ஆட்கள் தோட்டத்துக்குள் போகமாட்டார்கள், லயத்துக்காரர்களுடைய பார்சல்கள் எல்லாம் அந்தக் கடையில்தான் இறங்கும். முன்பு ஒரு தடவை அவள் விட்டுப்போன, டூட்டிக்குப் போடும் சப்பாத்தை நான் பார்சலில் அனுப்பியபோது அந்தக் கடை நம்பரைத்தான் எழுதியிருந்தேன். தேடினேன், கிடைத்தது. கூப்பிட்டேன். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை, கடைக்கு மேலேயே குடியிருக்கும் சீன ஆன்ட்டி தூக்கக் கலக்கத்தோடு எடுத்தார். தோட்டத்துக்காரர்களோடு பேசிப் பேசித் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். அவள் வந்தாளா என்று கேட்டேன்.

“அந்தப் பொண்ணு போச்சு லா. அண்ணன்கூட மோட்டார்ல போச்சு. நா சொன்னேன், மழ ரொம்ப, இங்க உக்காரு. கேக்கல. அம்மா காத்துக்கிட்டு இருக்கும்னு சொல்லிச்சு.”

“ஆன்ட்டி, வீட்டுக்குப் போச்சான்னு தெரியல ஆன்ட்டி. தயவுசெஞ்சு யாரையாவது பாக்கச் சொல்லுங்க.”

அவர் என்னிடம் ஆதாரம் கேட்கவில்லை. எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்றும் கேட்கவில்லை. “ஐயோ, பாலம்” என்று மட்டும் சொன்னார். பிறகு தன் மகனை எழுப்பித் தோட்டத்து முன்கேட்டுக்கு விரட்டினார். அங்கே காவலுக்கு இருந்த ஜாகா ஒரு நேபாளி. அவனும் மகனும் கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். உள்ளே போனவர்களுக்கும் லைன் கிடையாது. அதற்குப் பிறகு நான் என்ன செய்வேன்? உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், இடையிடையே தலைவியைத் திட்டினேன். அன்றிரவு இரண்டையும் மனமாரச் செய்தேன்.

ஆன்ட்டி திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார். பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியிருக்கிறது. பாலத்தின் ஓரம் தெரியாமல் மோட்டார் வாய்க்காலில் விழுந்துவிட்டது. அண்ணனின் கால் மோட்டாருக்கடியில் மாட்டிக்கொண்டிருந்தது. இவளுக்கு வலது கை முறிந்திருந்தது. முறியாத கையால் அண்ணனின் தாடையைப் பிடித்து, முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. “ரெண்டு பேரும் இருக்கு, உயிர் இருக்கு” என்றார் ஆன்ட்டி. நான் படியில் குப்புற விழுந்து அழுதேன்.

அவள் அம்மாவோ, மழை அதிகமென்பதால் பிள்ளைகள் சிம்பாங்கிலேயே கடையில் தங்கிவிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். விடுதியைப் பொறுத்தவரை அவள் வீட்டில் இருந்தாள், வீட்டைப் பொறுத்தவரை அவள் கடையில் இருந்தாள். விடிந்திருந்தாலும் மத்தியானம் வரை யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அவள் அண்ணனால் அவ்வளவு நேரம் தாங்கியிருக்க முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

காலையில் மேடம் குழுவில் எழுதியதைக் கேளுங்கள். “நேற்று இரவு நம் மாணவி ஒருவருக்கு விபத்து. நம் விடுதியின் பாதுகாப்பு ஒழுங்கினால் தக்க நேரத்தில் காப்பாற்றப்பட்டார். இறைவனுக்கு நன்றி.” கீழே கூப்பிய கைகள், பூக்கள், கட்டைவிரல்கள். தலைவி ஒரு இதயமே போட்டிருந்தாள். வெட்கம் என்ற ஒன்று கடையில் விற்றால் காசு போட்டு வாங்கி அனுப்பியிருப்பேன். நான் குழுவில் நடந்ததை அப்படியே எழுதினேன்: யார் கதவைத் தட்டினேன், யார் என்ன சொன்னார்கள், கடை ஆன்ட்டி என்ன செய்தார். கொஞ்ச நேரத்தில் என் செய்தி காணாமல் போய்விட்டது. நிர்வாகி அழித்துவிட்டார் என்று மட்டும் நின்றது. அதற்குக்கூட ஒருத்தி கட்டைவிரல் போட்டாள், என்னத்தைச் சொல்ல.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவளுக்கு வலது கை முழுக்கக் கட்டு. அண்ணன் வேறு வார்டில், கால் அறுவை முடிந்து பிழைத்துக் கிடந்தான். அவள் குரல் இன்னும் சரியாக வரவில்லை.

“கத்தி கத்தித்தான் இப்படி ஆயிருச்சா?” என்று கேட்டேன்.

“நா கத்தலடி” என்றாள். “கொஞ்ச நேரம் கத்தினேன். அப்புறம் நிறுத்திட்டேன். சம்பாய் போட்டுட்டேன் இல்ல? எல்லாரும் பாத்திருப்பாங்க. இனிமே யாரும் தேட மாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. கத்துற தெம்ப அண்ணனப் புடிக்க வச்சுக்குவோம்னு நெனச்சேன். குளிரு வேற. குளிர்லதான் தொண்ட போச்சு.”

அவள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த நேரம் பார்த்து மேடமும் தலைவியும் வந்தார்கள். ஒரு கூடை ஆப்பிள், மேலே ரிப்பன். நலம் விசாரித்து, தலையைத் தடவிக் கொடுத்து, சாமி புண்ணியம் என்றெல்லாம் சொல்லி முடித்ததும் மேடம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். கல்லூரியில் கேள்வி கேட்கிறார்களாம். குழுவில் பிள்ளைகள் மத்தியில் பேச்சாக இருக்கிறதாம். அதனால் அவளே ஒரு செய்தி போட்டுவிட்டால் எல்லாம் அடங்கிவிடும்.

“நான் நல்லா இருக்கிறன், அவசரத்தில முன்னுக்கே சம்பாய் போட்டது என்ர பிழை, மேடத்துக்கும் அக்காக்கும் நன்றி எண்டு எழுதினாக் காணும் பிள்ளை. பேந்து ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்.”

“கை முடியலன்னா சொல்லு, நானே டைப் பண்றேன். நீ அனுப்பு” என்று தலைவி கட்டிலோரம் கிடந்த அவள் கைப்பேசியை எடுத்தாள்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. “உங்களுக்கெல்லாம்…” என்று ஆரம்பித்தேன். அவள் இடது கையைத் தூக்கி என்னைச் சும்மா இருக்கச் சொன்னாள். அண்ணனைப் பிடித்திருந்த கை, இன்னும் விரல்கள் சரியாக மடங்கவில்லை. இருந்தும் கேட்டாள்: “குடுங்கக்கா. நானே போடுறேன்.” அவளுடைய கைப்பேசிதான் வாய்க்காலோடு போய்விட்டதே. அவள் அம்மா வாங்கி வந்திருந்த பழைய கைப்பேசியில் அவள் எண்ணை மறுபடி எடுத்துப் போட்டிருந்தார்கள். பணிந்துவிட்டாளே என்று நினைத்தேன். அவள் எப்போதும் பணிந்து போகிறவள்தான். கல்லூரி, விடுதி, சான்றிதழ் எல்லாம் மேடம் கையில் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். இடது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கினாள். மேடம் பொறுமையாகக் காத்திருந்தார்.

அனுப்பிவிட்டுக் கைப்பேசியை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். தலைவி தன் கைப்பேசியைப் பார்த்தாள், முகம் மாறிற்று. மேடத்திடம் காட்டினாள். நானும் என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். இரண்டே சொல்: ‘பெலும் சம்பாய்.’ இன்னும் வந்துசேரவில்லை.

“என்ன பிள்ளை இது?” என்றார் மேடம்.

“உண்மதானே மேடம். இன்னும் வீட்டுக்குப் போகல.”

செய்தியைப் பார்த்தவர்களின் பட்டியல் அவள் கைப்பேசியில் நீண்டுகொண்டே இருந்தது. எல்லாரும் பார்க்கிறார்கள், ஒருத்தியும் எதுவும் போடவில்லை. மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் வயிற்றின் மேலிருந்த கைப்பேசி அடித்தது. கூட்டத்தில் எனக்காகப் பேசிய பாகான் டத்தோக்காரி. இவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏய், எங்கடி இருக்க? யாரு இருக்கா கூட? நா வரவா?”

அந்த ஒழுங்கு வந்த நாளிலிருந்து அந்தக் குழுவில் இருந்த யாரும் இன்னொருத்தியைப் பார்த்து இதைக் கேட்டதில்லை. என் தோழி கட்டுப் போட்ட கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.